மூட்டு நீரில் ஊசியும் சாய்சதுரமும்

கவுட், சூடோகவுட் இரண்டுமே மூட்டுக்குள் நுண்ணிய படிகங்கள் சேர்வதால் வரும் நோய்கள். முதலாவதில் சேர்வது மோனோசோடியம் யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் சோடியம் உப்பு. இரண்டாவதில் சேர்வது கால்சியம் பைரோபாஸ்பேட். வேதியியலில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் வலி கிளம்பும்போது நோயாளி படும் பாடு ஒன்றுதான். சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிச் சிவந்து கொதிக்கிறது. போர்வை பட்டாலும் பொறுக்க முடிவதில்லை. சிலருக்குக் காய்ச்சலும் வந்துவிடுகிறது. வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தாலும், தொட்டாலும், எந்தப் படிகம் உள்ளே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த ஒரு சொட்டு நீரைத் தளவிளைவு ஒளியில் பார்த்தால் சொல்லிவிடலாம்.

இடமும் வயதும் ஓரளவு துப்புக் கொடுக்கின்றன. கவுட் பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில் தொடங்குகிறது. நடுவயது ஆண்களையே அதிகம் பிடிக்கிறது. பெண்களுக்கு வந்தால் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகுதான். சூடோகவுட் முழங்காலையும் மணிக்கட்டையும் நாடுகிறது. அறுபது வயதுக்கு முன் அபூர்வம். ஆனாலும் கவுட் முழங்காலுக்கு வராமல் இருப்பதில்லை, சூடோகவுட் பெருவிரலுக்கு வராமல் இருப்பதும் இல்லை. வயதான ஒருவரின் முழங்கால் திடீரென வீங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

பலரும் ரத்தத்தில் யூரிக் அமிலத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறான வழி. ரத்தத்தில் யூரேட் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டும்போது, அது கரைந்து நிற்கும் எல்லையைக் கடக்கிறது. அதற்கு மேல் படிகமாகப் படிய வாய்ப்பு உண்டு. வாய்ப்புதானே தவிர, கட்டாயம் இல்லை. யூரேட் அதிகமாக இருந்தும் வாழ்நாள் முழுக்க மூட்டுவலி வராதவர்கள் நிறையப் பேர். இதற்கு நேர்மாறாக, கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்த யூரேட் தற்காலிகமாக இறங்கி, 'நார்மல்' என்று ரிப்போர்ட் வருவதும் உண்டு. கால்சியம் பைரோபாஸ்பேட்டுக்கோ ரத்தத்தில் பார்க்கக்கூடிய அளவே கிடையாது. அது குருத்தெலும்பின் செல்கள் வெளியிடும் பைரோபாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து, அந்தக் குருத்தெலும்புக்குள்ளேயே உருவாகிறது. ஆகவே ரத்தப் பரிசோதனை ஒரு பக்கத்தைப் பற்றி அரைகுறையாகச் சொல்கிறது, மறுபக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

இந்த இரண்டு நோய்களும் பிரித்தறியப்பட்ட கதை நுண்ணோக்கியின் கதைதான். கவுட் நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த வெண்பொருளில் ஊசி போன்ற படிகங்கள் இருப்பதை லேவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே தம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். ஆனால் அது நோய் கண்டறியும் முறையாக மாறியது 1961இல். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டேனியல் மெக்கார்ட்டி, ஜோசப் ஹாலண்டர் என்ற இரு மருத்துவர்கள், கவுட் நோயாளிகளின் மூட்டு நீரைத் தளவிளைவு ஒளியில் வைத்து யூரேட் படிகங்களை அடையாளம் காட்டினார்கள். யூரேட்டைச் சிதைக்கும் யூரிகேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் அந்தப் படிகங்கள் கரைந்துபோயின. அதே வேலையில் அவர்களைக் குழப்பிய ஒன்று உண்டு: அறிகுறிகள் கவுட் போலவே இருந்தும், சிலருடைய மூட்டு நீரில் இருந்த படிகங்கள் யூரிகேஸுக்கு அசையவில்லை. எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு மூலம் ஆராய்ந்தபோது அவை கால்சியம் பைரோபாஸ்பேட் என்று தெரிந்தது. 1962இல் மெக்கார்ட்டியும் உடன் உழைத்தவர்களும் சூடோகவுட் என்ற பெயரை இந்த நோய்க்குக் கொடுத்தார்கள். கரையாமல் நின்ற அந்தப் படிகங்களை ஒதுக்கிவிடாமல் துரத்திப் போனதால்தான் ஒரு தனி நோயே வெளிச்சத்துக்கு வந்தது.

அவர்கள் பயன்படுத்திய கருவியின் அடிப்படை எளிமையானது. சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. போலரைசர் என்னும் வடிகட்டி அதில் ஒரே ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிறது. அதற்கு மேலே, ஸ்லைடைத் தாண்டி, இன்னொரு வடிகட்டி இருக்கிறது. அதற்கு அனலைசர் என்று பெயர். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக 90 பாகையில் வைத்தால் ஒளி முழுதாக அடைபட்டு, பார்வைப் புலம் கறுத்துவிடும். நடுவில் இருக்கும் ஸ்லைடில் யூரேட் போன்ற படிகம் இருந்தால் நிலைமை மாறுகிறது. படிகத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வேகமாகவும் மறுபாதி மெதுவாகவும் போகிறது. இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். வெளியே வரும்போது இரண்டு பாதிகளும் ஒத்துப்போகாததால், ஒளியின் ஒரு பகுதி அனலைசரைத் தாண்டிவிடுகிறது. இருளில் படிகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இதுவரை தெரிந்தது 'ஏதோ ஒரு படிகம் இருக்கிறது' என்பது மட்டும்தான். எந்தப் படிகம் என்று சொல்ல மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும். அதுதான் சிவப்புத் தகடு. காம்பென்சேட்டர் என்றும் சொல்வார்கள். இதை இரண்டு வடிகட்டிகளுக்கும் இடையே 45 பாகையில் செருகுகிறார்கள். இந்தத் தகடு ஒளியின் இரு பாதிகளுக்கும் இடையே ஏறக்குறைய 530 நானோமீட்டர் இடைவெளியை உண்டாக்குகிறது. அந்த அளவில் வெள்ளை ஒளியிலிருந்து பச்சை மட்டும் அடைபட்டுப்போவதால் புலம் முழுவதும் மெஜந்தா நிறமாகிறது. இப்போது ஒரு படிகம் அந்த இடைவெளியைச் சற்றே கூட்டினால் அதன் நிறம் நீலத்துக்கு நகரும். சற்றே குறைத்தால் மஞ்சளுக்கு நகரும். கூட்டுவதா குறைப்பதா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: படிகத்தின் உள்ளமைப்பு, அது படுத்திருக்கும் திசை. தகட்டின் மீது அதன் 'மெதுவான' அச்சு எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறியோ கோடோ போட்டிருப்பார்கள். எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டித்தான்.

யூரேட் படிகம் ஊசிபோல நீண்டு, இருமுனையும் கூர்ந்து, பெரும்பாலும் ஒரு வெள்ளணுவின் நீளத்துக்கோ அதற்கு மேலோ இருக்கும். நீளவாக்கில் அதிரும் ஒளி அதற்குள் வேகமாகப் போகிறது. ஆகவே ஊசி தகட்டின் மெது அச்சுக்கு இணையாகப் படுத்திருந்தால், தகடு உண்டாக்கிய இடைவெளியைக் குறைத்து மஞ்சளாகத் தெரிகிறது. மேடையை 90 பாகை சுழற்றி ஊசியைக் குறுக்கே கொண்டுவந்தால் அதே ஊசி நீலமாகிறது. இதையே எதிர்மறை இரட்டை ஒளிவிலகல் என்கிறார்கள். அதோடு யூரேட்டின் விளைவு மிக வலுவானது. மெஜந்தா பின்னணியில் மஞ்சளும் நீலமும் கண்ணைப் பறிக்கும். பழக்கம் இல்லாதவர்கூட அவ்வளவு எளிதில் தவறவிட மாட்டார்.

கால்சியம் பைரோபாஸ்பேட்டோ தன்னை அவ்வளவு எளிதில் காட்டுவதில்லை. அது சாய்சதுரமாகவோ, நுனி வெட்டுண்ட குட்டைக் கோலாகவோ இருக்கும். யூரேட்டைவிடப் பெரும்பாலும் சிறியது. அதன் வழியே நீளவாக்கில் அதிரும் ஒளி மெதுவாகப் போவதால், மெது அச்சுக்கு இணையாக இருக்கும்போது நீலமும் குறுக்கே இருக்கும்போது மஞ்சளும் தெரிகின்றன. யூரேட்டுக்கு நேர் எதிர். ஆனால் இந்த நிறம் மங்கலானது. அதன் இரட்டை ஒளிவிலகல் பலவீனமானது. ஒரே சொட்டில் இருக்கும் படிகங்களில் பல ஒளிர்வதே இல்லை. இருள் புலத்தில் பளிச்சிடுவதை மட்டும் தேடிக்கொண்டு ஸ்லைடை ஓட்டுபவர் 'படிகம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். சூடோகவுட் தவறவிடப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இதற்கான மருந்து பொறுமை: முதலில் சாதாரண ஒளியில் 400 மடங்கு பெருக்கத்தில், வெள்ளணுக்களின் உள்ளே சாய்சதுரங்களும் குட்டைக் கோல்களும் கிடக்கின்றனவா என்று தேட வேண்டும். கண்ட பிறகே நிறத்தைச் சோதிக்க வேண்டும்.

வடிவத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. கோலாக இருக்கும் பைரோபாஸ்பேட் சில நேரம் ஊசிபோல மயக்கும். உடைந்த யூரேட் துண்டு குட்டையாகத் தெரியும். அப்போது இன்னொரு வேறுபாடு உதவுகிறது. சிவப்புத் தகட்டை எடுத்துவிட்டு, குறுக்கே வைத்த வடிகட்டிகளுக்கு நடுவே மேடையைச் சுழற்றினால் ஒவ்வொரு படிகமும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அணைந்துபோகும். யூரேட் ஊசி, வடிகட்டி ஒன்றின் திசைக்கு நேராக நிற்கும்போது அணைகிறது. பைரோபாஸ்பேட் சற்றே சாய்ந்து நிற்கும்போதுதான் அணைகிறது. வடிவம், நிறத்தின் திசை, ஒளியின் வலு, அணையும் கோணம் ஆகிய நான்கும் ஒரே பக்கம் பேசினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தப் பார்வைக்கு முன் மூட்டு நீரே நிறையச் சொல்லிவிடுகிறது. முழங்காலில் நீர் எடுப்பது பெரிய அறுவை அல்ல. நோயாளியைப் படுக்கவைத்து, முட்டிச்சில்லின் மேல் வெளிப்பக்கத்துத் தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலுள்ள பையில் ஊசியைச் செலுத்தி உறிஞ்சுகிறார்கள். ஆரோக்கியமான மூட்டின் நீர் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து பிசுபிசுப்பாக இருக்கும். ஊசி முனையிலிருந்து சொட்டவிட்டால் நூலாக இழுபடும். ஒரு மைக்ரோலிட்டரில் 200க்கும் குறைவான வெள்ளணுக்களே அதில் இருக்கும். படிகம் எரிச்சலூட்டிய மூட்டிலோ நீர் கலங்கி மஞ்சளாகி, பிசுபிசுப்பு இழந்து, தண்ணீர்போலச் சொட்டும். வெள்ளணுக்கள் 2,000 முதல் 50,000 வரை ஏறி, அவற்றில் பெரும்பங்கு நியூட்ரோஃபில் வகையாக இருக்கும். யூரேட் மிக அடர்ந்திருந்தால் நீர் பால்போல வெளுத்தே வரலாம். கவுட்டையும் சூடோகவுட்டையும் இந்த எண்ணிக்கையால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே எல்லைக்குள் விழுகின்றன. பிரிப்பது படிகம்தான்.

வெள்ளணுக்களின் எண்ணிக்கை உதவுவது வேறொரு கேள்விக்கு: கிருமித் தொற்றா? சீழ் பிடித்த மூட்டிலும் இதே வீக்கம், இதே சூடு, இதே காய்ச்சல். அங்கே எண்ணிக்கை பெரும்பாலும் 50,000ஐத் தாண்டும். ஆனால் கடுமையான கவுட்டிலும் அது தாண்டுவதுண்டு. தொடக்க நிலைத் தொற்றில் குறைவாக இருப்பதும் உண்டு. இதைவிட முக்கியமான ஒன்றை மறக்கக் கூடாது: படிகம் இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே மூட்டில் இருக்கலாம். அதனால்தான் படிகம் கண்ணில் பட்ட பிறகும் நீரின் ஒரு பகுதியை கிராம் சாயத்துக்கும் கல்ச்சருக்கும் அனுப்புகிறார்கள். சீழ் பிடித்த மூட்டு சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடக்கூடியது.

இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 74 வயதுப் பாட்டி ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் படுத்திருக்கிறார். வலது முழங்கால் இரவில் வீங்குகிறது, காலையில் 100.4 டிகிரி காய்ச்சல். ரத்த அழுத்தத்துக்கு அவர் பல ஆண்டுகளாக நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்த யூரேட் 7.9. இந்த எண்ணைப் பார்த்ததும் 'கவுட்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் நீர் பிரிக்கும் மாத்திரையே யூரேட்டை ஏற்றக்கூடியது. அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு நோய்களுமே கிளம்பக்கூடியவை. காய்ச்சலோ தொற்றையும் சந்தேகிக்க வைக்கிறது. முழங்காலிலிருந்து 40 மில்லி கலங்கிய மஞ்சள் நீர் எடுக்கப்படுகிறது. வெள்ளணுக்கள் 32,000, பத்தில் ஒன்பது நியூட்ரோஃபில். கிராம் சாயத்தில் கிருமி தெரியவில்லை.

ஸ்லைடை முதலில் இருள் புலத்தில் பார்த்தபோது ஒளிரும் ஊசி ஒன்றுகூட இல்லை. சாதாரண ஒளிக்கு மாறி வெள்ளணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கையில், சிலவற்றுக்குள் குட்டையான கோல்களும் ஓர் ஒழுங்கான சாய்சதுரமும் தென்படுகின்றன. அந்தச் சாய்சதுரத்தைப் புலத்தின் நடுவில் நிறுத்தி, சிவப்புத் தகட்டைச் செருகி, அதன் நீளம் அம்புக்குறிக்கு இணையாக வருமாறு மேடையைச் சுழற்றினால் வெளிர் நீலம். இன்னும் 90 பாகை சுழற்றினால் வெளிர் மஞ்சள். கால்சியம் பைரோபாஸ்பேட். முழங்கால் எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், இரு எலும்புகளுக்கும் நடுவே மெனிஸ்கஸ் இருக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடுகிறது. குருத்தெலும்பில் படிந்த சுண்ணம் அது. பாட்டிக்கு யூரேட் அதிகம்தான். ஆனால் வலிக்குக் காரணம் யூரேட் அல்ல. மூட்டு நீரை வெளியே எடுத்ததே பாதி நிவாரணம். கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று தெரிந்த பின் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். அல்லது சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துக் குறைந்த அளவில் கால்சிசின் கொடுக்கலாம். வாழ்நாள் முழுக்க அலோபியூரினால் சாப்பிடவைக்க இந்த முழங்கால் ஒரு காரணம் ஆகாது.

இதே பரிசோதனை எங்கெல்லாம் தடுக்கி விழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, நீரைப் பிடிக்கும் குழாய். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆக்ஸலேட், லித்தியம் ஹெப்பாரின், பொடி வடிவ ஈ.டி.டி.ஏ ஆகியவை தாமே படிகமாகி ஏமாற்றும்; சோடியம் ஹெப்பாரினோ திரவ ஈ.டி.டி.ஏவோ தான் ஏற்றது. இரண்டாவது, மூட்டுக்குள் முன்பு போட்ட ஸ்டீராய்டு ஊசி. அந்த மருந்தும் படிகம்தான். வாரக்கணக்கில் மூட்டிலேயே தங்கி, இரட்டை ஒளிவிலகலும் காட்டும். ஆகவே ஊசி போட்ட விவரத்தை நோயாளி மறக்காமல் சொல்ல வேண்டும். கையுறைப் பொடி விழுந்தால் நடுவில் சிலுவை போட்ட வட்டமாக மின்னும். அதை அடையாளம் காண்பது எளிது. மூன்றாவது, காலதாமதம். நாட்கள் ஆக ஆக வெள்ளணுக்கள் சிதைகின்றன, பைரோபாஸ்பேட் படிகங்கள் குறைந்துபோகின்றன. எடுத்த சில மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது. முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கவுட் கட்டியிலிருந்து திசு எடுத்தால் வழக்கமான ஃபார்மலினில் போடக் கூடாது. அதிலிருக்கும் நீரில் யூரேட் கரைந்துவிடும். தூய ஆல்கஹாலில்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, தகட்டின் அச்சுத் திசையைத் தலைகீழாக எண்ணிக்கொள்வது. அப்போது ஒவ்வொரு கவுட்டும் சூடோகவுட்டாகவும் ஒவ்வொரு சூடோகவுட்டும் கவுட்டாகவும் ரிப்போர்ட்டில் ஏறும். இதைத் தவிர்க்க, ஏற்கெனவே யூரேட் என்று உறுதியான ஒரு ஸ்லைடை ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொண்டு, அதில் இணையான ஊசி மஞ்சளாகத் தெரிகிறதா என்று முதலில் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

படிகம் கண்டதாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வெள்ளணுவின் உள்ளே விழுங்கப்பட்ட படிகமே அப்போதைய வலிக்கு வலுவான சாட்சி. வலி தணிந்த காலத்தில் எடுத்த நீரிலும் யூரேட் வெளியே மிதந்துகொண்டிருக்கலாம். அது நோய் இருப்பதைக் காட்டும், அன்றைய வீக்கத்துக்கு அதுவே காரணம் என்று காட்டாது. சிலருக்கு இரண்டு படிகங்களும் ஒரே சொட்டில் இருக்கும். அவர்களுக்கு இரண்டு நோயும் உண்டு. படிகம் காணாமல் போனாலும் நோய் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. அறிகுறிகள் வலுவாக இருந்தால் மறுபடியும் நீர் எடுத்துப் பார்க்கலாம். ஊசியின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டே ஸ்லைடுக்குப் போதும் என்பதால், 'நீர் வரவில்லை' என்று ஊசியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

நீர் எடுக்க வழியில்லாதபோது அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. யூரேட் குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிவதால், எலும்பின் விளிம்புக்கு இணையாக இரண்டாவது வெண்கோடு ஒன்று தெரியும். பைரோபாஸ்பேட் குருத்தெலும்பின் உள்ளே படிவதால் வெண்புள்ளிகள் அதன் நடுவில் தெரியும். இவை நல்ல துணைச் சான்றுகள். ஆனால் 2015இல் வெளிவந்த கவுட் வகைப்பாட்டு விதிகளிலும், 2023இல் வெளிவந்த பைரோபாஸ்பேட் நோய்க்கான விதிகளிலும், வலிக்கும் மூட்டிலிருந்து எடுத்த நீரில் உரிய படிகத்தைக் காண்பது தனியாகவே போதுமான சான்றாக வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது எதற்கு என்றால், வலி அடங்கிய பிறகு வழிகள் பிரிந்துவிடுகின்றன. முதல் சில நாட்களுக்கான மருந்துகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. கவுட்டில் அதற்குப் பிறகு அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் போன்ற மருந்துகளால் ரத்த யூரேட்டை 6க்குக் கீழே இறக்கி அங்கேயே வைத்திருந்தால், படிந்த படிகங்கள் மெல்ல மெல்லக் கரைந்து, வலி வருவதே நின்றுபோகும். பைரோபாஸ்பேட்டைக் கரைக்கும் மருந்து இன்னும் கிடையாது. அங்கே அடுத்த வலியைத் தடுக்கச் சிறிய அளவு கால்சிசின் கொடுப்பதும், நோயாளி அறுபது வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் பின்னணியில் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுமே வேலை. பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பது, உடலில் இரும்பு தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ், ரத்தத்தில் மக்னீசியம் குறைவது ஆகியவை அப்படி ஒளிந்திருக்கக்கூடியவை. இவற்றுக்கு கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஃபெரிட்டின், மக்னீசியம் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துபார்க்கிறார்கள்.